கதவு அறைந்தது, பிறகு மூடவே மறுத்தது: டோர் குளோசரிடம் நான் பட்ட பாடு

என் இடது கை நடுவிரல் நகம் இன்னும் பாதி கறுப்பாகத்தான் இருக்கிறது. நகம் வளர்ந்து அந்தக் கறுப்பு வெளியேற மாதக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது. கதவில் விரல் நசுங்குவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பதுதான். எனக்கு நடந்தது வேறு மாதிரி. அறைந்து சாத்துகிற கதவைச் சரிசெய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வாசல் நிலையில் கை வைத்தபடி பேசிக்கொண்டிருந்தபோது நசுங்கியது. அதற்குள், கதவைத் தானாக மூடவைக்கிற ஒரு நல்ல டோர் குளோசரைக் கெடுத்திருந்தேன், ஒரு சட்டை எண்ணெயில் போயிருந்தது, தச்சருக்கு இரண்டு தடவை கூலி கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து விஷயம் புரிந்தபோது தெரிந்தது: தொடக்கத்தில் ஒரு திருகை அரைக்கால் சுற்று திருப்பியிருந்தால் போதும். அதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

என்னுடையது ஒற்றை அறை அலுவலகம். நான் ஒருவன்தான், கணக்கு எழுதுகிற வேலை. அறைக்கு ஏசி உண்டு, அதனால் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். கதவு வெளியே தாழ்வாரத்தின் பக்கம் இழுத்துத் திறப்பது. அதன் மேல் மூலையில், தாழ்வாரப் பக்கமாகவே, ஒரு உலோகப் பெட்டியும் அதை நிலையோடு சேர்க்கிற மடக்குத் தண்டுமாகக் குளோசர் பொருத்தியிருந்தார்கள். நான் குடிவருவதற்கு முன்பே இருந்தது அது. ஒரு வருடம் எந்தத் தொல்லையும் தரவில்லை, நானும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வெயில் காலம் தொடங்கியதும் கதவு அறைய ஆரம்பித்தது. திறந்து விட்டால் பாதி வழி வரை ஒழுங்காக வரும், கடைசியில் படாரென்று ஒரு அறை. பக்கத்து அறைக்காரர் முதல் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் இரண்டு துப்புகள் என் கண் முன்னாலேயே இருந்தன, நான் கவனிக்கவில்லை. ஒன்று, காலையில் கதவு அவ்வளவு மோசமாக இல்லை, மதியத்துக்கு மேல்தான் அறைந்தது. தாழ்வாரத்தில் மதிய வெயில் நேராகக் குளோசர் மேல் விழும். உள்ளே இருப்பது எண்ணெய். சூடானால் இளகும், இளகினால் சின்னத் துளை வழியே வேகமாக ஓடும், கதவும் வேகமாக மூடும். குளிரில் இதற்கு நேர்மாறு. இரண்டாவது துப்பு இன்னும் முக்கியம்: கதவு முழு வழியும் வேகமாக வரவில்லை, கடைசி ஒரு சாண் தூரத்தில்தான் பாய்ந்தது. இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

அந்த உலோகப் பெட்டிக்குள் ஒரு தடித்த ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், நிறைய எண்ணெய், இவ்வளவுதான். கதவைத் திறக்கும்போது கை போன்ற அந்தத் தண்டு உள்ளே ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது, அது பிஸ்டனைத் தள்ளி ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அப்போது எண்ணெய் பிஸ்டனில் உள்ள ஒருவழி வால்வு மூலமாகத் தடையில்லாமல் மறுபக்கம் போய்விடும். கதவை விட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளுகிறது. இப்போது அந்த ஒருவழி வால்வு அடைத்துக்கொள்ளும். எண்ணெய் திரும்பி வர இருக்கிற ஒரே வழி, பெட்டியின் சுவரில் குடைந்த மெல்லிய பாதைகள். அந்தப் பாதைகளில் ஊசி மாதிரி நுழைந்து நிற்பவைதான் நாம் வெளியிலிருந்து பார்க்கிற சின்னத் திருகுகள். திருகை உள்ளே முறுக்கினால் பாதை குறுகும், கதவு மெதுவாகும். வெளியே தளர்த்தினால் பாதை அகலும், கதவு வேகமாகும். பெரும்பாலான குளோசர்களில் இப்படி இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று, கதவு முழுக்கத் திறந்த நிலையிலிருந்து ஏறத்தாழ 15 டிகிரி வரை வருகிற வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, அந்தக் கடைசி 15 டிகிரியை மட்டும். என் கதவு 900 மில்லிமீட்டர் அகலம். அதில் 15 டிகிரி என்றால் கதவின் விளிம்புக்கும் நிலைக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு சாண் இடைவெளி. ஆக, கடைசிச் சாணில் அறைகிற கதவுக்கு இரண்டாவது திருகைத்தான் கவனிக்க வேண்டும். முதல் திருகு அதில் ஒன்றும் செய்யாது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு திருகு, பக்கத்தில் 1, 2 என்று பொறித்திருந்தது. அதற்கு மேல் ஏதோ பழைய பெயிண்ட். 1 என்றால் முதலில் தொட வேண்டியது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கடிகாரச் சுற்றில் திருப்பினேன். கதவு மெதுவானது. ஆகா என்று இறங்கிப் பார்த்தால், ஊர்ந்து ஊர்ந்து வந்து கடைசியில் அதே படார். இன்னும் முறுக்கினேன். இப்போது கதவு மூட 15 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது, ஏசிக் காற்று முழுக்கத் தாழ்வாரத்துக்குப் போனது, முடிவில் மறுபடியும் அதே அறை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று அழுகைதான் வந்தது.

சரி, அடுத்ததைப் பார்ப்போம் என்று 2-க்கு வந்தேன். இங்கேதான் பெரிய தப்பு. முறுக்கியது உதவவில்லையே, எதிர்ப்பக்கம் திருப்பினால் என்ன என்று தளர்த்த ஆரம்பித்தேன். ஒரு சுற்று, ஒன்றரை, இரண்டு. ஒவ்வொரு தடவையும் அறை கூடிக்கொண்டேதான் போனது. அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு நிறுத்தியிருக்க வேண்டும். ஒருவேளை கழற்றித் திரும்பப் போட்டால் சரியாகுமோ என்ற எண்ணத்தில் இன்னும் தளர்த்தினேன். திருகின் தலை பெட்டியின் மட்டத்தைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. அப்போது காற்றில் கதவு லேசாக நகர்ந்தது. அவ்வளவுதான், திருகின் ஓரத்திலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடித்தது. சட்டை, கண்ணாடி, சுவர், வாசல் மிதியடி எல்லாம் எண்ணெய். கண்ணில் விழாதது அதிர்ஷ்டம்.

இதை அழுத்திச் சொல்கிறேன். வால்வுத் திருகை ஒருபோதும் இரண்டு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். அதன் தலை பெட்டியின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அந்த எண்ணெய் மேல்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம், திருகை அடியோடு முறுக்கி மூடவும் கூடாது. கதவு நடுவழியில் நின்றுவிடும், அதை யாராவது கையால் தள்ளுவார்கள், போக வழியில்லாத எண்ணெய், அது கசியாமல் அடைத்து நிற்கிற சீலைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் திருப்ப வேண்டியது அரைக்கால் சுற்று. கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குப் போகிற அளவு. கேட்க அற்பமாகத் தோன்றும். நல்ல நிலையில் இருக்கிற குளோசருக்கு அதுவே கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்தைத் தரும்.

எண்ணெய் போன பிறகும் நான் விடவில்லை. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயை ஊசிக்குழாயில் ஏற்றி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டேன். ஒரு மாலை முழுக்க அதில் போனது. திருகை மூடி, கதவில் மாட்டி, திறந்து விட்டால், கதவு கொஞ்ச தூரம் சட்டென்று பாயும், பிறகு நிற்கும், மறுபடி பாயும். காரணம் உள்ளே அடைபட்ட காற்று. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். குமிழி இருக்கிற வரை கதவின் வேகம் நம் சொல்படி கேட்காது. இந்தப் பெட்டிகள் வீட்டில் திறந்து நிரப்புகிற மாதிரி செய்யப்பட்டவை அல்ல. எண்ணெய் கசிந்த குளோசர் முடிந்த குளோசர். உங்களுடையது அந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பெட்டியின் அடிப்பகுதியையும், தண்டு நுழைகிற அச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் இருந்தால் கசிகிறது. பிறகு எந்தத் திருகைத் திருப்பினாலும் வேகத்தில் மாற்றமே இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம், புதிது வாங்குங்கள். கசியாமல் இருந்து, திருகுக்கு வேகம் மாறுகிறது என்றால் வாங்க வேண்டியதே இல்லை. என் பழைய குளோசர் இந்த இரண்டாவது வகை. நான்தான் அதை முதல் வகையாக்கினேன்.

கடைக்குப் போனேன். "என்ன சைஸ் வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர். கதவுக்குப் போடுவது, நல்ல ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, 2-லிருந்து 4 வரை மாற்றிக்கொள்கிற மாதிரி ஒன்றைக் கொடுத்தார். அந்த எண்கள் ஸ்பிரிங்கின் பலத்தைக் குறிப்பவை என்பது அப்போது தெரியாது. ஐரோப்பியத் தர அளவில் 2 என்றால் 850 மில்லிமீட்டர் அகலமும் 40 கிலோ எடையும் உள்ள கதவு வரைக்கும், 3 என்றால் 950 மில்லிமீட்டர், 60 கிலோ வரைக்கும், 4 என்றால் 1100 மில்லிமீட்டர், 80 கிலோ வரைக்கும். அகலமும் எடையும் வேறு வேறு எண்ணைக் காட்டினால் பெரியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். என் 900 மில்லிமீட்டர் கதவுக்கு 3 தேவை. அதைவிடப் பலமாகப் போட்டால் கதவை இழுத்துத் திறக்க முதியவர்களும் பிள்ளைகளும் திணறுவார்கள்.

தச்சர் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். கதவைத் திறந்து விட்டேன். அது திறந்தபடியே நின்றது! தள்ளினால் வரும், முழுக்கத் திறந்தால் சிலை மாதிரி நிற்கும். குளோசரே பழுது என்று நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். தச்சர் தண்டின் முழங்கை மாதிரி மடிகிற இடத்தைக் காட்டினார். அங்கே இருக்கிற நட்டை இறுக்கினால் கதவு அந்தக் கோணத்தில் பிடித்து நிற்கும், தளர்த்தினால் விட்டுவிடும். கதவைத் திறந்தே வைத்திருக்க வசதியாக அப்படி ஒரு வகைத் தண்டு வருகிறது. உங்கள் கதவு எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் நிற்கிறது, ஒரு தட்டு தட்டினால் கிளம்பிவிடுகிறது என்றால் வால்வைத் தொடுவதற்கு முன் அந்த நட்டைப் பாருங்கள். தீத்தடுப்புக் கதவில் மட்டும் இந்த வகைத் தண்டு இருக்கவே கூடாது. அது எப்போதும் தானாக மூடியாக வேண்டிய கதவு.

நட்டைத் தளர்த்தியதும் கதவு மூடியது, ஆனால் முழுக்க இல்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுகொண்டது. பூட்டின் நாக்கு நிலையில் உள்ள தகட்டில் முட்டி நின்றது. தச்சர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து 2-ஆம் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தினார். கதவு படாரென்று போய் விழுந்தது, பூட்டிக்கொண்டது. "இப்ப பூட்டுதுல்ல சார்?" என்றார். பூட்டியது உண்மைதான். கூலியை வாங்கிக்கொண்டு போனார். நான் எங்கே தொடங்கினேனோ அங்கேயே, புதுக் குளோசரோடு, வந்து சேர்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அவரையே திரும்ப அழைத்தேன். அறைகிறது என்றேன், அரைச் சுற்று முறுக்கினார். மூடவில்லை என்றேன், கால் சுற்று தளர்த்தினார். ஓரளவு சரி என்று இரண்டு பேருமே ஒப்புக்கொண்டோம். அன்று மதிய வெயிலில்தான் விரல் நசுங்கியது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கதவு போடுகிற பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். ஆனால் இது ஏன் தப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வால்வுத் திருகு கதவுக்குப் பலம் தருவதில்லை. பலம் ஸ்பிரிங்கில் இருக்கிறது, வால்வு அந்தப் பலத்தைப் பிடித்து நிதானப்படுத்துகிறது, அவ்வளவே. கதவு கடைசியில் பூட்டாமல் நிற்கிறது என்றால், ஒன்று ஏதோ அதைத் தடுக்கிறது, இல்லை ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை. அப்போது வால்வைத் தளர்த்தினால் கதவு ஓடி வந்த வேகத்தில் மோதிப் பூட்டும். ஓடி வர இடம் இல்லாமல், நீங்கள் பாதி திறந்து விட்டால், பூட்டாது. என் கதவும் அப்படித்தான் இருந்தது. முழுக்கத் திறந்து விட்டால் அறைந்து பூட்டும், ஒரு சாண் திறந்து விட்டால் பூட்டாமல் நிற்கும். அறைவதும் திறந்து நிற்பதும் ஒரே கதவில் மாறி மாறி வந்தால், வால்வால் செய்ய வேண்டாத வேலையை யாரோ வால்வால் செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வார இறுதியில் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். புதுக் குளோசர் வந்த பெட்டியைத் தூக்கிப் போட இருந்தவன், உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் கிடப்பதைப் பார்த்தேன். ஒரு பக்கம் துளை போட வேண்டிய இடங்களை அசல் அளவிலேயே வரைந்திருந்தார்கள், மறுபக்கம் திருகுகளின் படம். தச்சர் அதைப் பிரிக்கவே இல்லை. நானும்தான். அதைப் படித்தபடி, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதல் வேலை, குளோசரை ஆட்டத்திலிருந்து விலக்குவது. தண்டின் முழங்கைத் திருகைக் கழற்றினால் இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும். இப்போது கதவு சும்மா கீலில் ஆடும். ஒரு விரலால் மெதுவாகத் தள்ளி மூடிப் பார்த்தேன். கடைசி மூன்று விரல் தூரத்தில் கதவின் கீழ் முனை வாசற்படியில் லேசாக உரசியது. பூட்டு நாக்கும் தகட்டில் தட்டியது. நாக்கின் மேல் சாக்பீஸைத் தேய்த்து மூடிப் பார்த்தபோது, தகட்டின் கீழ் விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதாவது கதவு தொங்கிப் போயிருக்கிறது. மேல் கீலைப் பார்த்தால் மூன்று திருகில் இரண்டு சும்மா சுற்றின, மரத்தில் பிடிப்பே இல்லை. இத்தனை நாள் அறைந்த அறை வேறு எங்கே போகும்! திருகுகளைக் கழற்றி, துளைக்குள் மர கோந்தில் தோய்த்த தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்த பிறகு அதே திருகுகளைப் போட்டு முறுக்கினேன். கதவு மேலேறியது. உரசல் நின்றது. நாக்கு தகட்டின் ஓட்டைக்குள் நேராகப் போனது. எந்தக் குளோசரும் இல்லாமல், விரல் நுனியால் தள்ளிய கதவு 'டிக்' என்று பூட்டிய சத்தம் மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் நல்ல சத்தம். கையால் தள்ளும்போதே முரண்டு பிடிக்கிற கதவைக் குளோசர் திருத்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தண்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அதன் நீளத்தைப் பார்த்தேன். குளோசரின் அச்சில் இருப்பது ஒரு தண்டு, நிலையில் திருகியிருப்பது இன்னொரு தண்டு. இந்த இரண்டாவதை நீட்டவும் குறுக்கவும் முடியும். கதவு இழுத்துத் திறக்கிற பக்கத்தில் குளோசரை மாட்டியிருந்தால், கதவு மூடியிருக்கும்போது நிலையிலிருந்து வருகிற தண்டு கதவுக்குச் செங்குத்தாக, ஒரு மூலைமட்டம் வைத்தது போல நிற்க வேண்டும் என்று தாளில் படம் இருந்தது. என்னுடையது நன்றாகச் சாய்ந்து கிடந்தது. இது அழகுக்காகச் சொன்னதல்ல. அந்தக் கோணத்தில்தான் கடைசி இரண்டு விரல் தூரத்தில் ஸ்பிரிங்கின் இழுப்பு கதவுக்கு முழுதாகக் கிடைக்கும். சாய்ந்திருந்தால் அந்த இழுப்பு கணிசமாக வீணாகும். நீளத்தைச் சரிசெய்து, முதல் தண்டைக் கொஞ்சம் வலிந்து இழுத்து முழங்கையில் சேர்த்து முறுக்கினேன். அந்த வலிந்து இழுப்பது வேண்டும், மூடிய கதவை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான். வேறு பக்கத்திலோ வேறு வகையிலோ மாட்டிய குளோசருக்குக் கோணம் வேறு, அதற்குரிய படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கதவு பரவாயில்லை. ஆனால் ஒரு விசித்திரம். ஏசி ஓடும்போது பூட்டவில்லை, நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தால் பூட்டியது. யோசித்தால் விடை எளிது. என் கதவு அறைக்குள் நோக்கி மூடுகிறது. ஜன்னல் அடைத்த அறையில் அது உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், காற்று போக இடமில்லாமல் கதவைத் திருப்பித் தள்ளுகிறது. சின்ன அறைகளில் இது சாதாரணம். அதனால் கதவைச் சோதிக்கும்போது அறை தினமும் எப்படி இருக்குமோ அப்படியே வைத்துச் சோதிக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துச் சரிசெய்துவிட்டு மறுநாள் திட்டக் கூடாது.

இங்கேதான் ஸ்பிரிங் வருகிறது. குளோசர் பெட்டியின் ஒரு முனையில், மூடிக்கு நடுவில், அலன் கீ நுழைகிற பள்ளம் இருந்தது. அதைக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும். எல்லா மாடலிலும் இது இருக்காது. சிலவற்றில் நிலையில் திருகும் அடித்தகட்டைத் திருப்பிப் போட்டு அல்லது இடம் மாற்றிப் பலத்தைக் கூட்டுவார்கள், சிலவற்றில் மாற்றவே வழி இருக்காது. முனை மூடியை மட்டும் கழற்ற முயலாதீர்கள், அமுக்கி வைத்த ஸ்பிரிங் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் இரண்டு சுற்று இறுக்கினேன், சோதித்தேன், இன்னும் இரண்டு சுற்று இறுக்கினேன். நாலாவது சுற்றுக்குப் பிறகு, அறை அடைத்து ஏசி ஓடும்போதே, ஒரு சாண் திறந்து விட்ட கதவு தானாகப் பூட்டியது. அங்கே நிறுத்திவிட்டேன். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்லது, திரும்பி வர வழி தெரியும்.

பலம் கூடியதால் கதவு இப்போது பயங்கரமாக அறைந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, இனிமேல்தான் வால்வுகளின் வேலை. தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். ஒன்று கதவு 90 டிகிரியில் நிற்கிற இடம், இன்னொன்று நிலையிலிருந்து ஒரு சாண் தள்ளி. கைபேசியில் நேரம் பார்த்தேன். முதல் கோட்டிலிருந்து இரண்டாவதுக்கு வர இரண்டு விநாடி, அங்கிருந்து மூட அரை விநாடிகூட இல்லை. முதலில் 1-ஆம் திருகை அரைக்கால் சுற்று முறுக்கினேன். கதவை இரண்டு தடவை சும்மா திறந்து மூடிவிட்டு மூன்றாவதில் நேரம் பார்த்தேன், எண்ணெய் ஓட்டம் நிலைப்பட ஒன்றிரண்டு ஓட்டம் வேண்டும். மூன்று விநாடி. இன்னொரு அரைக்கால். ஐந்து. போதும் என்று விட்டேன். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதியில் 90 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்கு வரக் குறைந்தது 5 விநாடி வேண்டும் என்று இருக்கிறது. கோலூன்றி வருகிறவர் கதவைத் தாண்ட அந்த நேரமாவது வேண்டும், எனக்கும் அதுவே நல்ல அளவாகப் பட்டது. அடுத்து 2-ஆம் திருகு. தச்சர் தளர்த்தியிருந்ததால் இதற்கு அரைச் சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டியிருந்தது, ஆனால் அரைக்கால் அரைக்காலாகத்தான். கடைசிச் சாண் ஒன்றரை விநாடி என்று ஆனபோது கதவு நிலையைத் தொடும் சத்தம் போய் பூட்டின் 'டிக்' மட்டும் கேட்டது. இன்னொரு அரைக்கால் பேராசையில் முறுக்கிப் பார்த்தேன், நாக்கில் தயங்கி நின்றது. திரும்பத் தளர்த்தினேன். 1 முதலில், 2 பிறகு என்ற இந்த வரிசை முக்கியம். ஸ்பிரிங்கைத் தொட்டால் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

சில குளோசர்களில் மூன்றாவதாக ஒரு திருகு இருக்கும். அது மூடுவதற்கல்ல, திறக்கும்போது கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதாமல் கடைசிப் பகுதியில் தடுப்பதற்கு. மூடும் வேகம் சரியில்லை என்று அதைத் திருகிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். என்னுடையதில் அது இல்லை, ஒரு தொல்லை குறைந்தது.

எல்லாம் முடிந்து, அன்று மாலை வெயிலில் பெட்டி சூடாக இருக்கும்போது ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை நேரம் பார்த்தேன். மாலையில் மொத்தம் ஆறரை விநாடி, காலையில் ஏழரை. இரண்டிலும் பூட்டியது. ஒரு துண்டு அட்டையில் 'ஸ்பிரிங் 4 சுற்று கூட்டியது. 1-இல் கால் சுற்று. 2-இல் அரையும் அரைக்காலும்' என்று எழுதி, தேதி போட்டு, நிலையின் மேல் விளிம்பில் ஒட்டினேன். குளிர் வந்ததும் ஒருநாள் காலை கதவு பூட்டாமல் அரை விரல் இடைவெளியில் நின்றது. முக்காலியில் ஏறி 2-ஐ அரைக்கால் தளர்த்தினேன், அட்டையில் அதையும் குறித்தேன். இறங்கி, பழைய பழக்கத்தில் இடது கையை நிலையில் வைக்கப் போனவன், நகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.